வயிறு துடிக்கிறது, முதுகும் வலிக்கிறது: பெருந்தமனி வீக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு 69 வயசு. ரொம்ப வருஷமா பீடி, பிபி மாத்திரையும் உண்டு. மல்லாந்து படுத்தா தொப்புளுக்கு மேல துடிக்குதுங்கிறார், ஒரு வாரமா இடுப்புக்கு மேல முதுகும் வலிக்குது. வாய்வா இருக்குமா?

வாய்வாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வயது, இந்தப் பீடி, இந்த பிபி, அதோடு துடிப்பும் புது முதுகுவலியும் ஒன்றாக வந்திருப்பதால், அயோர்ட்டா எனப்படும் பெருந்தமனி வயிற்றுக்குள் வீங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் வாய்வு என்று முடிவு கட்டக் கூடாது. இன்றைக்கே பார்க்க வேண்டும், அடுத்த திங்கட்கிழமை அல்ல. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய், "பீடி குடிப்பவர், பிபி இருக்கிறது, வயிறு துடிக்கிறது, முதுகு வலி புதிது, அயோர்ட்டாவைப் பார்த்துவிடுங்கள்" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் பணியில் இருக்கும் டாக்டருக்கு நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பது ஒரே வரியில் புரிந்துவிடும்.

வலி திடீரென்று கடுமையாகிவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மயக்கம் வந்து தெளிந்தாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெருந்தமனி வீக்கம்னா என்ன? ரத்தக்குழாய் எப்படி வீங்கும்?

இதயத்திலிருந்து கிளம்பி நெஞ்சு வழியாக இறங்கி, முதுகெலும்பை ஒட்டியே வயிற்றுக்குள் வந்து, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிற பெரிய குழாய்தான் பெருந்தமனி. வயிற்றுக்குள் அதன் அகலம் சாதாரணமாக 2 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். 3 சென்டிமீட்டரை எட்டிவிட்டால் வீக்கம், அதாவது அனியூரிசம், என்று பெயர் வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் சிறுநீரகத்துக்குக் கிளை பிரிகிற இடத்துக்குக் கீழேதான் இது வரும்.

குழாயின் சுவருக்கு இழுபடும் தன்மையைக் கொடுப்பது எலாஸ்டின் என்கிற நார். வயது ஏற ஏற அது தேயும். புகை அந்தத் தேய்மானத்தைப் பல மடங்கு வேகப்படுத்துகிறது, ஏனென்றால் புகையினால் சுவருக்குள் அழற்சி உண்டாகி, நாரை அறுக்கிற நொதிகள் சுரக்கின்றன. நார் போன இடத்தில் ரத்த அழுத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளிக்கொண்டே இருப்பதால் சுவர் மெல்ல வெளியே பிதுங்கும். சைக்கிள் ட்யூபில் ஒரு இடம் மட்டும் புடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்: புடைப்பு பெரிதாகப் பெரிதாக ரப்பர் மெலியும், மெலிந்த ரப்பர் மேல் இழுவிசை கூடும், அதனால் இன்னும் சீக்கிரம் புடைக்கும். சின்ன வீக்கம் வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் என்று மெதுவாக வளர்வதும், பெரியது வேகம் பிடிப்பதும் இதனால்தான்.

பலர் எதிர்பார்க்காத ஒரு விஷயமும் உண்டு. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம், ஆனால் இந்த வீக்கம் மட்டும் அவர்களுக்குக் குறைவாக வருகிறது. அதனால் "அப்பாவுக்கு சுகரே இல்லை, ரத்தக்குழாய் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்" என்கிற கணக்கு இங்கே செல்லாது. புகை, வயது, ஆண் என்பது, கூடப்பிறந்தவர்களுக்கு இருப்பது, பிபி, இவைதான் இதில் எடை போடுபவை, அதிலும் புகைதான் முதலில்.

எனக்கே படுத்தா வயிறு துடிக்கிற மாதிரி இருக்கு, எனக்கு 30 வயசு. நானும் பயப்படணுமா?

வேண்டாம். ஒல்லியாக இருப்பவர்களுக்கு நல்ல பெருந்தமனியின் துடிப்பே கைக்குத் தெரியும், சாப்பிட்டுப் படுத்தாலும் பதற்றத்திலும் இன்னும் தெளிவாகத் தெரியும். டாக்டர்கள் துடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை, எந்தப் பக்கம் துடிக்கிறது என்று பார்ப்பார்கள். நோயாளியை முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, வயிற்றைத் தளர்த்தச் சொல்லி, தொப்புளுக்குச் சற்று மேலே இரண்டு கைகளையும் துடிப்பின் இரு பக்கமும் வைப்பார்கள். விரல்கள் இரண்டும் மேல்நோக்கி மட்டும் எழும்பினால் சாதாரணக் குழாய், அல்லது அதன் மேல் கிடக்கும் வேறு ஏதோ ஒன்று. ஒவ்வொரு துடிப்புக்கும் இரு கைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பக்கவாட்டில் விலகினால் அங்கே வீக்கம் இருக்கிறது என்று பொருள்.

தொப்பை இருப்பவருக்கு 6 சென்டிமீட்டர் வீக்கமே கைக்குச் சிக்காமல் போகலாம். அதனால் "அமுக்கிப் பார்த்தாங்க, ஒன்றும் இல்லை" என்பது 69 வயது பீடிக்காரருக்குப் போதாது. அவருக்கு ஸ்கேன்தான் பதில்.

அப்புறம் ஒன்று, குடல் ஏறிவிட்டது என்று வயிற்றில் எண்ணெய் விட்டு அழுத்தி நீவி விடுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. டாக்டர் மெதுவாகக் கை வைத்துப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது, ஆனால் வயதானவரின் துடிக்கிற வயிற்றைக் கட்டை விரலால் அழுத்தி உருவுவது வேறு. அதைச் செய்ய விடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரகக் கல்னு சொல்லி வலி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. அதோட விட்டுடலாமா?

வயதானவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கல் வலி வந்தால், அது கல் என்று உறுதியாகும் வரை பெருந்தமனியைச் சந்தேகப்பட வேண்டும் என்பது அவசர சிகிச்சையில் பல காலமாகச் சொல்லிக்கொடுக்கிற பாடம். கசிகிற வீக்கத்துக்கு அதிகமாக வைக்கப்படும் தப்பான பெயர்களில் முன்னால் நிற்பது சிறுநீரகக் கல்தான், அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. வீக்கம் பெரும்பாலும் இடப்பக்கப் பின்சுவரில் கிழிகிறது, ரத்தம் முதுகுப்புறத் திசுக்களுக்குள் பரவுகிறது, வலி இடுப்பிலிருந்து தொடையிடுக்குவரை இறங்குகிறது. கல் வலியும் அதே பாதையில்தான் வரும். பக்கத்திலேயே போகிற சிறுநீர்க் குழாயை வீக்கம் உரசினால் சிறுநீரில் கொஞ்சம் ரத்த அணுக்கள்கூடத் தெரியலாம், அதைப் பார்த்ததும் கல் என்பது உறுதியானது போலத் தோன்றிவிடும்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஸ்கேனில் கல்லைப் பார்த்தீர்களா, அயோர்ட்டாவின் அளவு எவ்வளவு?" கல் படத்தில் தெரிந்து, அயோர்ட்டா 2 சென்டிமீட்டர் என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஸ்கேனே எடுக்காமல் ஊசி போட்டு வலி குறைந்தது என்றால் எதுவும் முடிவாகவில்லை, வலி ஊசி எந்த வலியையும் குறைக்கும்.

முதுகுவலியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. தசைப்பிடிப்பு குனிந்தால், திரும்பினால் கூடும், ஒரு பக்கமாகப் படுத்தால் அடங்கும். வீக்கத்தின் வலி எப்படிப் படுத்தாலும் அதே இடத்தில் ஆழமாக இருந்துகொண்டே இருக்கும், ராத்திரியும் விடாது. இதை மட்டும் வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது, ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விவரம்.

எந்த ஸ்கேன்? ரிப்போர்ட்ல எந்த வரியைப் பார்க்கணும்?

முதலில் வயிற்று அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, சில நிமிடங்களில் அளவு கிடைத்துவிடும். ஆனால் நான் ஸ்கேன் அறையிலேயே உட்கார்ந்திருப்பவன் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். "முழு வயிறு ஸ்கேன்" என்று சீட்டு வந்தால் கவனம் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம், புராஸ்டேட் என்றுதான் போகும். பெருந்தமனி முதுகெலும்புக்கு முன்னால் ஆழத்தில் கிடக்கிறது, அதற்கு மேல் குடல் வாயு நின்றால் திரை முழுக்க வெள்ளைப் புகைதான். அப்போது ரிப்போர்ட்டில் வாயு மறைக்கிறது என்று ஒரு வரி விழும், அல்லது அந்த வரியே இருக்காது. வரி இல்லை என்றால் பார்த்தோம், நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அயோர்ட்டா என்ற சொல்லும் பக்கத்தில் சென்டிமீட்டரில் ஒரு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரம் இல்லாத பரிசோதனை என்றால் 6 மணி நேரம் சாப்பிடாமல் போங்கள், வாயு குறையும். வலி இருக்கும்போது மட்டும் வெறும் வயிற்றுக்காகக் காத்திருக்காதீர்கள்.

அல்ட்ராசவுண்ட் அகலத்தை நன்றாகக் காட்டும், கசிவைக் காட்டுவதில் தடுமாறும். அதனால் வலியோடு வந்தவருக்கு வீக்கம் தெரிந்தால் அடுத்த படி சி.டி. ஆஞ்சியோ. கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி எடுக்கும் அந்தப் படத்தில்தான் ரத்தம் வெளியே போயிருக்கிறதா, வீக்கம் சிறுநீரகக் கிளைக்கு எவ்வளவு கீழே தொடங்குகிறது, இடுப்புக் குழாய்கள் எப்படி இருக்கின்றன என்பதெல்லாம் தெரியும். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஸ்கேன்ல 4.3 செ.மீ. வந்திருக்கு, வலி எதுவும் இல்லை. உடனே ஆபரேஷன் பண்ணிடலாமா? உள்ளே ஒரு குண்டோட எப்படித் தூங்குறது?

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் இப்போது ஆபரேஷன் வேண்டாம். 4-லிருந்து 5.5 சென்டிமீட்டர் வரை உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷன், மற்றதற்கு வெறும் ஸ்கேன் கண்காணிப்பு என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய ஆய்வுகள் நடந்தன. 1998-லும் 2002-லும் முடிவுகள் வந்தன. உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை, காத்திருந்தவர்களில் வீக்கம் வெடிப்பது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் என்ற அளவை ஒட்டியே இருந்தது. அதனால்தான் ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 என்ற கோடு. பெண்களுக்கு இது அரிதாகத்தான் வரும், வந்தால் சின்ன அளவிலேயே வெடிக்கும், அதனால் கோடும் கீழே.

கோட்டுக்கு மேலே நிலைமை வேறு. ஆபரேஷன் தாங்காத உடம்பு என்றோ வேண்டாம் என்றோ விடப்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களைப் பின்தொடர்ந்த 2002-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 5.5-லிருந்து 6-க்குள் இருந்தவர்களில் ஓராண்டுக்குள் பத்தில் ஒருவருக்கு அருகில் வெடித்தது, 7-ஐத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அருகில்.

4.3 என்றால் வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். 5-ஐத் தொட்டால் ஆறு மாதத்துக்கு ஒன்று, சில நாடுகளில் மூன்று மாதத்துக்கு ஒன்று. முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள், ஏனென்றால் இரண்டு பேர் ஒரே நாளில் அளந்தாலே 3, 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். போன தடவை 4.3, இந்தத் தடவை வேறு சென்டரில் 4.6 என்று கையில் ரிப்போர்ட்டோடு அழுதுகொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய படங்களை எடுத்து நாமே மறுபடி அளந்தால் இரண்டும் 4.4 என்று வரும். ஆறு மாதத்தில் நிஜமாகவே 5 மில்லிமீட்டரோ ஒரு வருஷத்தில் 1 சென்டிமீட்டரோ வளர்ந்திருந்தால், 5.5-ஐ எட்டாவிட்டாலும் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் வலி இல்லாதவருக்கு மட்டும். வலி வந்துவிட்டால் 4.5-ஆக இருந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

வெடிக்கப் போகுதுன்னு எப்படித் தெரியும்? வீட்டுல என்ன செய்யணும்?

புத்தகத்தில் மூன்று அடையாளங்கள் சொல்வார்கள்: வயிறு அல்லது முதுகில் கடும் வலி, ரத்த அழுத்தம் இறங்குவது, வயிற்றில் துடிக்கும் கட்டி. மூன்றும் ஒன்றாகத் தெரிவது பாதிப் பேருக்குத்தான் இருக்கும் என்பதால், மூன்றும் வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

ஏமாற்றுகிற ஒரு கட்டம் உண்டு, அதைத்தான் நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சுவர் பின்பக்கமாகக் கிழிந்தால், வெளியேறிய ரத்தமே சுற்றியுள்ள திசுவை அழுத்திக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும். கழிவறையில் மயங்கி விழுந்தவர் இரண்டு நிமிடத்தில் எழுந்து, வெளிறிப்போய் வியர்வையோடு உட்கார்ந்து, "இப்ப பரவாயில்லை, கொஞ்சம் படுத்தாச் சரியாயிடும்" என்பார். பிபி பார்த்தால் 110 கூட இருக்கும், எப்போதும் 160 இருப்பவருக்கு 110 என்பது குறைவுதான் என்று யாருக்கும் தோன்றாது. இந்த அடைப்பு சில நிமிடமும் நிற்கலாம், சில மணி நேரமும் நிற்கலாம். உயிரோடு ஆபரேஷன் மேசைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டவர்கள்தான்.

அதனால் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், ஏற்கெனவே வீக்கம் இருப்பது தெரியும் என்றால் அதையும் கடைசி அளவையும் போனிலேயே சொல்லுங்கள். சி.டி. ஸ்கேனும் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவும் உள்ள இடத்துக்கே நேராகப் போக முடியுமா என்று கேளுங்கள், இடையில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் இரண்டு மணி நேரம் கிடப்பது உதவாது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். சோடா, இஞ்சிச் சாறு எதுவும் கொடுக்காதீர்கள், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். மாரடைப்பாக இருக்குமோ என்று நினைத்து, ரத்தத்தை இளக்கும் அவசர மாத்திரைகளை நீங்களாகக் கொடுப்பதும் இங்கே கெடுதல்தான்.

மருத்துவமனையில் பிபி 80, 90 என்று இருந்தும் சலைன் பாட்டிலை வேகமாக ஏற்றாமல் வைத்திருந்தால் சண்டை போடாதீர்கள். நோயாளி நினைவோடு பேசிக்கொண்டிருக்கும் வரை அழுத்தத்தைத் தாழ்வாகவே விடுவது வேண்டுமென்றே செய்வது. அதை ஏற்றினால் அடைத்துக்கொண்டிருக்கிற ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு போய்விடும்.

ஒரு ஆளோட கதையை ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்களேன், என்னென்ன நடக்கும்னு புரியும்.

வழக்கமாக வருகிற பலரை ஒருவராக்கிச் சொல்கிறேன். 68 வயது, பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷமாக சிகரெட், பிபி மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் புராஸ்டேட்டுக்காக ஸ்கேன் எடுத்தபோது ரிப்போர்ட்டின் கடைசியில் பெருந்தமனி 4.6 சென்டிமீட்டர் என்று ஒரு வரி இருந்தது. சிறுநீரக டாக்டர் புராஸ்டேட்டைப் பார்த்தார், வீட்டில் யாரும் கடைசி வரியைப் பார்க்கவில்லை, ஃபைல் பீரோவுக்குள் போய்விட்டது.

இப்போது மூன்று வாரமாக முதுகுவலி. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, வயசுத் தேய்மானம் என்று ஜெல்லும் மாத்திரையும் கொடுத்தார். தேய்மானம் இருந்தது உண்மைதான், 68 வயதில் யாருக்கு இல்லை. ஒருநாள் மத்தியானம் படுத்து பேப்பர் படித்தவர், வயிற்றின் மேல் விரித்து வைத்த பேப்பர் தாளத்தோடு எழும்பி இறங்குவதைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அவர்தான் விடாப்பிடியாக அன்று சாயங்காலமே கூட்டிப் போனது.

அல்ட்ராசவுண்டில் 5.7. வலி இருப்பதால் வார்டில் சேர்த்து, சி.டி. ஆஞ்சியோ. கசிவு இல்லை. சிறுநீரகக் கிளைகளுக்குக் கீழே 22 மில்லிமீட்டர் நல்ல குழாய் மிச்சம் இருந்தது, இந்தக் கழுத்துப் பகுதி ஏறக்குறைய 15-க்குக் குறைந்தால், குழாய்க்குள் விரித்து வைக்கிற துணிக்குழாயான சாதாரண ஸ்டென்ட் பிடித்து நிற்காது. இதய எக்கோ, ரத்தப் பரிசோதனை, பிபியை ஊசி மருந்தால் இறக்குவது, இரண்டு நாளில் இரு தொடையிடுக்கு வழியாகவும் ஸ்டென்ட் கிராஃப்ட். நான்காம் நாள் வீட்டுக்கு. ஒரு மாதத்தில் எடுத்த சி.டி.யில், பின்பக்கச் சின்னக் கிளை ஒன்றின் வழியாக வீக்கத்துக்குள் கொஞ்சம் ரத்தம் திரும்பி வருவது தெரிந்தது. வீக்கம் பெரிதாகாத வரை அதைத் தொட வேண்டாம் என்று விட்டார்கள். ஒரு வருஷத்தில் அந்தக் கிளை தானே அடைபட்டு, வீக்கம் 5.1-க்குச் சுருங்கியிருந்தது.

4.6 வந்த அன்றே யாராவது அந்த வரியைப் படித்திருந்தால் வருஷா வருஷம் அளந்து, வலி வரும் முன்பே நாள் குறித்து இதைச் செய்திருக்கலாம். வீட்டில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

வயிற்றைத் திறந்து பண்றது நல்லதா, தொடை வழியா ஸ்டென்ட் நல்லதா?

திறந்து செய்வதுதான் பழைய முறை. 1951-இல் பாரிஸில் சார்ல் துபோ என்ற அறுவை மருத்துவர் வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு, தானமாகப் பெற்ற தமனியை வைத்துத் தைத்தார். இப்போது அந்த இடத்தில் பாலியெஸ்டர் துணிக்குழாய் தைக்கிறார்கள். பெரிய கீறல், கொஞ்ச நேரம் பெருந்தமனியையே கிடுக்கி போட்டு நிறுத்த வேண்டும், ஒரு வாரம் பத்து நாள் ஆஸ்பத்திரி, பழைய தெம்பு வர இரண்டு மூன்று மாதம். ஆனால் தைத்த தையல் பெரும்பாலும் ஆயுசுக்கும் நிற்கும்.

தொடை வழியாகச் செய்வதை 1990-இல் புவனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி செய்து காட்டினார். மடக்கிய துணிக்குழாயைக் கம்பி வழியாக மேலே கொண்டுபோய் விரித்தால், ரத்தம் அதற்குள்ளாகவே போகும், வீக்கத்தின் சுவருக்கு அழுத்தம் போகாது. முதல் மாதத்து உயிர் ஆபத்து இதில் தெளிவாகக் குறைவு. பிரிட்டனில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் முதல் 30 நாளில் இறந்தவர்கள் ஸ்டென்டில் நூற்றுக்கு 2-க்கும் குறைவு, திறந்ததில் 5-ஐ ஒட்டி. சில வருஷம் போனதும் இந்த வித்தியாசம் கரைந்துவிட்டது, எட்டு வருஷத்துக்கு மேல் போனவர்களில் ஸ்டென்ட் வைத்தவர்களே வீக்கம் தொடர்பாக அதிகம் இறந்தார்கள், ஏனென்றால் ஸ்டென்ட் நழுவலாம், ஓரத்தில் கசியலாம், கவனிக்காமல் விட்டால் வெடிக்கலாம்.

என் அபிப்பிராயம்: 75-ஐத் தாண்டியவர், நுரையீரல் கெட்டவர் என்றால் குழாய் அமைப்பு ஒத்துவந்தால் ஸ்டென்ட். 60-ஐ ஒட்டிய, நல்ல உடம்புக்காரர், வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வருவாரா என்பது சந்தேகம் என்றால் திறந்து செய்வதைப் பற்றியும் நன்றாகப் பேசிவிடுங்கள். ஸ்டென்ட் சாதனத்தின் விலையே சில லட்சம் வரும், காப்பீடு அதை எவ்வளவு ஏற்கும் என்பதைச் சேர்க்கும் அன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரையில குறையாதா? பிபி மாத்திரையைக் கூட்டினா போதுமா?

வீக்கத்தைச் சுருக்குகிற மாத்திரை கிடையாது. புரொப்ரனலால் கொடுத்துப் பார்த்தார்கள், டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள், வளர்ச்சி குறையவில்லை. பிபியை 130/80-க்குக் கீழே வைப்பதும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போடுவதும் அவசியம்தான், இவர்களில் பலர் கடைசியில் இறப்பது மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் என்பதால். வளர்ச்சியையே மெதுவாக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது புகையை நிறுத்துவது ஒன்றுதான், ஆளைப் பார்த்து "குறைச்சுக்கோங்க" என்று சொல்வதில் அர்த்தமில்லை, நிறுத்த வேண்டும். தானாக முடியாவிட்டால் நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரை எல்லாம் இருக்கின்றன.

மருந்துக் கடை விஷயம் ஒன்று. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் குடும்பத்து ஆன்டிபயாடிக்குகள் பெருந்தமனியின் சுவரைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. வீக்கம் இருப்பவர்களுக்கு வேறு வழி இருந்தால் இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்பது அதன் சாரம். நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் கடைக்காரரே எடுத்துக் கொடுக்கிற மாத்திரைகள் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். பெயர்களை எழுதி மாத்திரை டப்பாவில் ஒட்டிவையுங்கள்.

நடக்கலாம், படி ஏறலாம், வீட்டு வேலை செய்யலாம். 5-ஐத் தாண்டிய பிறகு கேஸ் சிலிண்டர் தூக்குவதையும் மலச்சிக்கலில் முக்குவதையும் தவிர்க்கச் சொல்வேன்.

ஐன்ஸ்டீன் இதுலதான் செத்தாராமே, நிஜமா?

ஆமாம். பைப் புகைத்தவர், பல வருஷமாக அடிக்கடி வயிற்று வலி. 1948 டிசம்பரில் புரூக்ளினில் ருடால்ஃப் நிஸ்ஸன் வயிற்றைத் திறந்தபோது பெரிய வீக்கம் இருந்தது. பெருந்தமனியை வெட்டித் தைக்கும் வழி அப்போது இல்லை, அதனால் சுற்றிலும் செலோஃபேன் தாளைச் சுற்றினார். அந்தத் தாள் உண்டாக்கும் எரிச்சலில் தழும்புத் திசு வளர்ந்து சுவரைக் கெட்டியாக்கும் என்பது யோசனை, ஆறு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்தது. 1955 ஏப்ரலில் கசியத் தொடங்கியபோது அவருடைய வலி பித்தப்பை வலியைப் போலத்தான் இருந்தது. அதற்குள் மாற்றுக் குழாய் வைக்கும் ஆபரேஷன் வந்துவிட்டது, ஆனால் அவர் வேண்டாம் என்று மறுத்து, ஏப்ரல் 18 அன்று, 76 வயதில் இறந்தார்.

அப்பாவுக்கு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. சித்தப்பா, பெரியப்பாவும் பீடிதான். எங்களுக்கும் பார்க்கணுமா?

சித்தப்பா, பெரியப்பா இருவருக்கும் பாருங்கள், அதுவும் சீக்கிரம். கூடப்பிறந்தவர்களுக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், புகையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். உங்களுக்கு 50 வயது ஆகும்போது ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள், அத்தைமாருக்கும் எடுக்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்கள் எல்லோரையும் அரசே ஒரு தடவை ஸ்கேனுக்கு அழைக்கிறது, அமெரிக்காவில் 65-லிருந்து 75-க்குள் உள்ள, எப்போதாவது புகைத்த ஆண்களுக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு தேசியத் திட்டம் இல்லை, நாமே கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சீட்டில் "முழு வயிறு" என்று மட்டும் எழுதியிருந்தால் "அயோர்ட்டா அளவும் வேண்டும்" என்று டாக்டரிடமே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 65 வயதில் எடுத்து 2.5-க்குக் குறைவாக இருந்தால், பொதுவாக அவருக்கு இதற்காக மறுபடி ஸ்கேன் தேவைப்படாது. 2.5-லிருந்து 3-க்குள் என்றால் சில வருஷம் கழித்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.